நெரிசலான டைம்லைனை நெஸ்ட் செய்து ஒழுங்குபடுத்துவது எப்படி: திரும்பத் திரும்ப வரும் கார்டுகளை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூருக்கு வேலைக்கு வந்து இறங்கும் தமிழர்களுக்காகக் கன்னடம் சொல்லித்தரும் வீடியோத் தொடர் ஒன்றுக்கு எடிட்டிங் செய்துவருகிறேன். ஆட்டோவில் ஏறினால் என்ன சொல்வது, கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்கினால் எப்படிக் கேட்பது என்று ஒவ்வொரு பாகத்திலும் எட்டு வாக்கியங்கள் வரும். தொகுத்து வழங்குபவர் திரையின் இடப்பக்கம் நின்று பேசுவார். வலப்பக்கம் ஒரு கார்டு வந்து நிற்கும். அதில் கன்னட எழுத்தில் வாக்கியம், அதன் கீழே தமிழில் உச்சரிப்பு, அதற்கும் கீழே பொருள். "எஷ்டு ஆய்து?" என்றால் எவ்வளவு ஆச்சு. "மீட்டர் ஹாகி" என்றால் மீட்டர் போடுங்க. பாகத்தின் முடிவில் இதே எட்டுக் கார்டுகளும் மீள்பார்வையாக வேகமாக ஓடும்.

பார்ப்பதற்கு எளிமையான வேலைதான். ஆனால் டைம்லைனைத் திறந்தால் கண் இருட்டும். ஒரு கார்டுக்குப் பின்பலகை, வண்ணப்பட்டை, லோகோ, மூன்று வரி எழுத்து என ஆறு வீடியோ கிளிப்புகள். கார்டு வரும்போது ஒலிக்கும் சிறு மணியோசை ஒன்று. ஆக ஏழு. எட்டுக் கார்டுக்கு 56. மீள்பார்வையில் மறுபடி வருவதால் 112. இதற்கிடையில் இரண்டு கேமரா, பி-ரோல், சப்டைட்டில், இசை. இந்த நிலையில் "லோகோ மாத்திட்டாங்க, புதுசு அனுப்பியிருக்கேன்" என்று தயாரிப்பாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தால், ஒரே மாற்றத்தைப் பதினாறு இடத்தில் செய்ய வேண்டும். அதில் ஓரிடம் விட்டுப்போனால் வீடியோ வெளியான பிறகு பார்வையாளர்தான் கண்டுபிடித்துச் சொல்வார்.

இதற்கான தீர்வுக்கு பிரீமியர் புரோவில் நெஸ்ட் என்று பெயர். டாவின்சி ரிசால்விலும் ஃபைனல் கட் புரோவிலும் காம்பவுண்டு கிளிப். பல கிளிப்புகளை ஒரு தனி சீக்வென்ஸுக்குள் போட்டு, வெளியே அதை ஒரே கிளிப்பாகக் காட்டுவது. இந்த வழிகாட்டியில் பிரீமியர் புரோவை வைத்து மேலே சொன்ன கார்டு வேலையை முதலிலிருந்து கடைசிவரை செய்துகாட்டுகிறேன். மற்ற இரண்டிலும் எங்கே வேறுபடும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது

கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து `Nest...` கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் அதற்கு முன்பே தொடங்குகிறது. ஒரு கார்டின் ஏழு துண்டுகளையும் அப்படியே பிடித்து நெஸ்ட் செய்தால் டைம்லைன் சுத்தமாகிவிடும், உண்மைதான். ஆனால் லோகோ மாறினால் எட்டு நெஸ்டையும் ஒவ்வொன்றாகத் திறந்துதான் மாற்ற வேண்டும். நெரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போனதே தவிர வேலை குறையவில்லை.

அதனால் நெஸ்ட் செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எவையெல்லாம் சேர்ந்தே மாறும்? எங்கள் கார்டில் பின்பலகை, வண்ணப்பட்டை, லோகோ, மணியோசை நான்கும் எட்டுக் கார்டுக்கும் பொது. ஒன்றில் மாறினால் எல்லாவற்றிலும் மாற வேண்டும். எழுத்து வரிகள் மூன்றும் கார்டுக்குக் கார்டு வேறு. ஆனால் அதே கார்டு மீள்பார்வையில் வரும்போது எழுத்து ஒன்றாகவே இருக்க வேண்டும். கார்டு திரையில் எத்தனை நொடி நிற்கிறது என்பது ஒவ்வொரு இடத்திலும் வேறு.

இந்த மூன்று வகை மாற்றத்துக்கு மூன்று அடுக்கு போதும். எல்லாக் கார்டுக்கும் பொதுவானவை `card_base` என்ற சீக்வென்ஸில் இருக்கும். அந்த `card_base`-உம் அந்தந்த வாக்கியத்தின் எழுத்துகளும் சேர்ந்து `card_01`, `card_02` என்று எட்டு சீக்வென்ஸ்கள். நீளம், இடம், மறையும் விதம் இவையெல்லாம் முதன்மை டைம்லைனில். இதற்கு மேல் இன்னொரு அடுக்கு வேண்டாம். நான்காவது அடுக்கு வந்தால் எந்த மாற்றத்தை எந்தக் கதவைத் திறந்து செய்வது என்பது செய்தவருக்கே மறந்துபோகும்.

முதலில் ஒரு பிரதி

நெஸ்ட் செய்ததை மீட்டெடுப்பது பிரீமியரில் கொஞ்சம் சுற்றுவழி. எனவே தொடங்கும் முன் Project பேனலில் முதன்மை சீக்வென்ஸை வலது கிளிக் செய்து `Duplicate` கொடுத்து, பிரதியை `ep03_before_nest` என்று பெயரிட்டு ஒதுக்கி வையுங்கள். நெஸ்டுகளுக்கென்று Project பேனலில் தனியாக ஒரு Bin உருவாக்குங்கள். பெயர் வைக்காமல் விட்டால் `Nested Sequence 01`, `02` என்று வரிசையாகக் குவியும், எது எதுவென்றே தெரியாது.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் வெட்டிக்கொண்டிருக்கும் பகுதியை நெஸ்ட் செய்யாதீர்கள். தொகுப்பாளரின் பேச்சை இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அந்தக் கேமரா கிளிப்புகள் வெளியிலேயே இருக்கட்டும். உள்ளே போய் இரண்டு ஃபிரேம் வெட்டினால் வெளியே அதற்கேற்ப எதுவும் நகராது. வெட்டு உறுதியான பகுதிகளும் கார்டு மாதிரி திரும்ப வருபவையும்தான் நெஸ்டுக்கு ஏற்றவை.

card_base: பொதுவான அடித்தளம்

ஏற்கெனவே டைம்லைனில் உள்ள முதல் கார்டிலிருந்தே தொடங்கலாம். பின்பலகை, பட்டை, லோகோ, மணியோசை நான்கையும் மட்டும் தேர்ந்தெடுத்து வலது கிளிக், `Nest...`, பெயர் `card_base`. நான்கும் போய் ஒரே கிளிப் வந்து நிற்கும். புதிய சீக்வென்ஸ் Project பேனலிலும் இருக்கும். இரட்டைக் கிளிக் செய்தால் அது தனி டேபாகத் திறக்கும். அதன் ஃபிரேம் அளவும் ஃபிரேம் ரேட்டும் முதன்மை சீக்வென்ஸிலிருந்தே வந்திருக்கும். எங்களுக்கு 1920×1080, 25 ஃபிரேம்.

உள்ளே எந்தக் கிளிப்பும் இல்லாத இடம் கறுப்பாகத் தெரிந்தாலும் அது உண்மையில் வெறுமைதான். வெளியே வைத்தால் அந்த இடத்தில் கேமராக் காட்சி தெரியும். ஆனால் உள்ளே இருக்கும்போது கேமரா தெரியாததால், கார்டு தொகுப்பாளரின் தோளை மறைக்கிறதா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். இதற்கு முதன்மை டைம்லைனிலிருந்து ஒரு ஃபிரேமைப் படமாக எடுத்து `card_base`-இன் அடி டிராக்கில் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் இடம் பார்த்துப் பொருத்திய பிறகு அந்தப் படத்தை வலது கிளிக் செய்து `Enable` குறியை எடுத்துவிடுங்கள். மறந்தால் எட்டுக் கார்டிலும் ஒரே உறைந்த முகம் தெரியும்.

அடுத்துச் சொல்வதுதான் இந்த வேலையில் மிக அதிகமாகத் தடுமாற வைக்கும் இடம், அதனால் நிதானமாகப் பார்ப்போம். கார்டு வலப்பக்கத்திலிருந்து வழுக்கி உள்ளே வருகிறது, 12 ஃபிரேமில். ஆறு நொடி நிற்கிறது. பிறகு அதே வழியில் வெளியே போகிறது. இந்த வெளியேறும் அசைவையும் `card_base`-க்குள்ளேயே வைத்தால் கார்டின் ஆயுள் ஆறு நொடி என்று இறுகிவிடும். தொகுப்பாளர் ஒரு வாக்கியத்தை ஒன்பது நொடி விளக்கினால் கார்டை இழுத்து நீட்ட முடியாது. நான்கு நொடியில் முடித்தால் கார்டு வெளியேறும் அசைவு இல்லாமல் சட்டென்று வெட்டுப்படும்.

எனவே உள்ளே வரும் அசைவு மட்டும் `card_base`-க்குள் இருக்கட்டும். அதன் பிறகு பலகையும் பட்டையும் லோகோவும் அப்படியே 15 நொடி வரை நிற்கட்டும். தேவைக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், நட்டமில்லை. கார்டு மறைவதை வெளியே, முதன்மை டைம்லைனில் நெஸ்டின் கடைசி முனையில் எட்டு ஃபிரேம் `Cross Dissolve` போட்டுச் செய்யலாம். இனி எந்த இடத்திலும் கார்டின் முனையைப் பிடித்து இழுத்தால் டிசால்வும் கூடவே நகரும்.

டிசால்வை நெஸ்டின் மேல் போடுவதில் இன்னொரு பலனும் உண்டு. ஆறு வீடியோ கிளிப்புகளுக்கும் தனித்தனியாக டிசால்வ் போட்டால் பாதி மறையும் தருணத்தில் எழுத்தின் வழியே பலகை தெரியும், பலகையின் வழியே கேமரா தெரியும். அந்த நான்கைந்து ஃபிரேமில் கார்டு அழுக்காகத் தோன்றும். நெஸ்டில் முதலில் எல்லா அடுக்கும் ஒரே படமாகச் சேர்ந்த பிறகே டிசால்வ் வேலை செய்கிறது. கார்டு முழுதாக, ஒரே பொருளாக மங்கி மறையும். நிழல் விளைவுக்கும் இதுவே பொருந்தும். அடுக்குகளுக்குத் தனித்தனியாகப் போடாமல் நெஸ்டுக்கு ஒரு முறை போட்டால் போதும்.

card_01 முதல் card_08 வரை

முதன்மை டைம்லைனில் இப்போது முதல் கார்டுக்கு நான்கு கிளிப்புகள் இருக்கின்றன: `card_base` நெஸ்டும் மூன்று எழுத்து வரிகளும். நான்கையும் தேர்ந்தெடுத்து மறுபடி `Nest...`, பெயர் `card_01`. அதைத் திறந்து உள்ளே `card_base`-ஐ அதன் முழு 15 நொடிக்கும் இழுத்து நீட்டுங்கள். கன்னட வரி முதல் நொடிக்குள் தோன்றட்டும். உச்சரிப்பு ஒன்றரை நொடியில், பொருள் இரண்டரை நொடியில். மூன்றும் அதன் பின் கடைசிவரை நிற்கட்டும். பிறகு முதன்மை டைம்லைனுக்குத் திரும்பிக் கார்டைத் தேவையான ஆறு நொடிக்கோ ஒன்பது நொடிக்கோ சரிசெய்துகொள்ளலாம்.

எழுத்தைப் பற்றி ஒரு விஷயம். கன்னடத்திலோ தமிழிலோ கால், கொம்பு எல்லாம் இடம் மாறிச் சிதறித் தெரிந்தால் Preferences-இல் Graphics பகுதிக்குப் போய் `South Asian and Middle Eastern` தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். இதைக் கார்டுகளைப் பெருக்கும் முன்பே செய்வது நல்லது.

இப்போது இரண்டாவது கார்டு. டைம்லைனில் `card_01`-ஐ `Alt` அழுத்தி இழுத்தால் ஒரு பிரதி வரும். அதைத் திறந்து "எஷ்டு ஆய்து" என்பதை "மீட்டர் ஹாகி" என்று மாற்றினால், முதல் கார்டிலும் "மீட்டர் ஹாகி" என்றே வந்துவிடும். காரணம், டைம்லைனில் தெரியும் நெஸ்டுகள் இரண்டானாலும் அவை காட்டும் சீக்வென்ஸ் ஒன்றுதான். டைம்லைனில் அதன் பெயரை மாற்றினாலும் பயனில்லை, அது மேலட்டையை மட்டுமே மாற்றும்.

தனிக் கார்டு வேண்டுமென்றால் Project பேனலில் `card_01` சீக்வென்ஸை வலது கிளிக் செய்து `Duplicate` கொடுக்க வேண்டும். அந்தப் பிரதிக்கு `card_02` என்று பெயரிட்டுத் திறந்து எழுத்தை மாற்றுங்கள். இப்படியே எட்டு வரை. பிரதியெடுத்தும் எழுத்து எல்லாக் கார்டிலும் சேர்ந்தே மாறுகிறது என்றால் அந்த எழுத்துக் கிளிப் யாரோ `Upgrade to Source Graphic` செய்ததாக இருக்கும். அதை நீக்கிவிட்டுப் புதிதாக எழுத்து வரி போடுங்கள்.

இங்கே நமக்குச் சாதகமாக ஒன்று நடப்பதையும் கவனியுங்கள். `card_01`-ஐப் பிரதியெடுத்தபோது உள்ளே இருக்கும் `card_base` பிரதியாகவில்லை. எட்டுக் கார்டும் அதே ஒரு `card_base`-ஐத்தான் காட்டுகின்றன. நமக்கு வேண்டியதும் அதுவே.

ஆனால் இதே குணம் வேறோரிடத்தில் காலை வாரும். அடுத்த பருவத்துக்குப் பச்சைக்குப் பதில் நீல நிறக் கார்டு என்று முடிவாகிறது. எட்டுக் கார்டையும் பிரதியெடுத்து, அவற்றில் ஒன்றைத் திறந்து, அதற்குள் `card_base`-ஐத் திறந்து நீலமாக்கினால், பழைய பாகத்தின் கார்டுகளும் நீலமாகிவிடும். அப்போது `card_base`-ஐயும் `card_base_blue` என்று தனியாகப் பிரதியெடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு புதுக் கார்டிலும் Project பேனலில் `card_base_blue`-ஐத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பழைய அடித்தளத்தை வலது கிளிக் செய்து `Replace With Clip`, அதில் `From Bin`. நாங்கள் இந்தத் தொல்லையே வேண்டாமென்று கார்டுகள் மட்டும் உள்ள ஒரு மாதிரி ப்ராஜெக்ட் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் கோப்பை நகலெடுத்துத் தொடங்குகிறோம். ஒரு பாகத்தில் செய்வது இன்னொன்றைத் தொடுவதில்லை.

முதன்மை டைம்லைனில் வைப்பது

Project பேனலிலிருந்து `card_02`-ஐ இழுத்து டைம்லைனில் விடும் முன், டைம்லைனின் இடது மேல் மூலையில் உள்ள பொத்தானைப் பாருங்கள். சுட்டியை மேலே வைத்தால் `Insert and overwrite sequences as nests or individual clips` என்று காட்டும். அது நீலமாக இருந்தால் சீக்வென்ஸ் நெஸ்டாக, ஒரே கிளிப்பாக வரும். அணைந்திருந்தால் உள்ளிருக்கும் கிளிப்புகளெல்லாம் தனித்தனியாகக் கொட்டும். இழுத்துவிட்டதும் நான்கு டிராக்கில் துண்டுகள் பரவினால் காரணம் இந்தப் பொத்தான்தான்.

எட்டுக் கார்டையும் அதனதன் இடத்தில், ஒரே வீடியோ டிராக்கில் வையுங்கள். கார்டுக்கென்று `V4`-ஐ ஒதுக்கினேன். மணியோசை `A4`-இல் வரும். ஒவ்வொன்றின் நீளத்தையும் பேச்சுக்கு ஏற்ப வெட்டி, கடைசியில் டிசால்வ். முன்பு ஆறு வீடியோ டிராக் பிடித்த வேலை ஒன்றுக்குள் அடங்கிவிட்டது. டைம்லைனைப் பார்த்தாலே எந்த வாக்கியம் எங்கே வருகிறது என்று பெயரைக் கொண்டே படிக்கலாம்.

மீள்பார்வைக்கு அதே `card_01` முதல் `card_08` வரை மறுபடி இழுத்து வையுங்கள். இங்கே பிரதியெடுக்கக் கூடாது, ஒரே சீக்வென்ஸ்தான் இரண்டு இடத்திலும் வர வேண்டும். மீள்பார்வையில் ஒரு கார்டு மூன்று நொடிதான் நிற்கும். முதலிலிருந்து ஓடவிட்டால் பொருள் தோன்றுவதற்குள் கார்டு முடிந்துவிடும். அதனால் நெஸ்டின் முன்பக்க முனையைப் பிடித்து முதல் மூன்று நொடியை வெட்டிவிடுங்கள். அசைவு, மணியோசை எல்லாம் அந்த மூன்று நொடிக்குள்ளேயே முடிந்திருப்பதால், மூன்று வரியும் நிறைந்த கார்டு சத்தமில்லாமல் நேராக வந்து நிற்கும். ஒரே நெஸ்ட், பாடத்தில் அதன் முதல் பகுதி, மீள்பார்வையில் அதன் நடுப்பகுதி. உள்ளே 15 நொடி வைத்துக்கொண்டதன் பயன் இங்கே தெரியும்.

இனித் தயாரிப்பாளரின் புது லோகோ வரட்டும். `card_base`-ஐத் திறந்து, புது லோகோவை Project பேனலிலிருந்து எடுத்து `Alt` அழுத்தியபடி பழைய லோகோவின் மேல் விடுங்கள். பழையதற்குக் கொடுத்த இடம், அளவு, அசைவு எல்லாம் புதியதற்கும் வந்துவிடும். பதினாறு இடமும் ஒரே நேரத்தில் மாறியிருக்கும். கோப்பின் அளவு வேறாக இருந்தால் லோகோ பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும், அதையும் அங்கேயே ஒருமுறை திருத்தினால் போதும்.

கன்னடம் தெரிந்த தொகுப்பாளர் பார்த்துவிட்டு, "அண்ணா, அஞ்சாவது கார்டுல 'நில்ஸி' எழுத்து தப்பா இருக்கு" என்று சொன்னால் `card_05`-ஐ மட்டும் திறந்தால் போதும். பாடத்திலும் மீள்பார்வையிலும் சேர்ந்தே சரியாகும்.

நீளம் மாறும்போது நடப்பது

உள்ளடக்கத்தில் செய்யும் மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவும், நீளத்தில் செய்யும் மாற்றம் பரவாது. உள்ளே இருக்கும் சீக்வென்ஸை 15 நொடியிலிருந்து 20 நொடியாக்கினால் வெளியே உள்ள நெஸ்டுகள் பழைய நீளத்திலேயே நிற்கும். புதிதாகச் சேர்த்த ஐந்து நொடி இருக்கிறது, ஆனால் நீங்கள் போய் முனையைப் பிடித்து இழுத்தால்தான் வெளிவரும். கார்டு மூன்று அடுக்கில் இருப்பதால் `card_base`-ஐ நீட்டினால் முதலில் `card_01`-க்குள் அதை நீட்டி, பிறகு முதன்மை டைம்லைனிலும் நீட்ட வேண்டும்.

இதைவிட மோசமானது உள்ளே குறைப்பது. `card_03`-க்குள் யாரோ கடைசிப் பகுதியை வெட்டி ஐந்து நொடியாக்கிவிட்டால், வெளியே எட்டு நொடி நெஸ்ட் எட்டு நொடியாகவே தெரியும். ஓடவிட்டால் ஐந்தாவது நொடியில் கார்டு பொட்டென்று மறையும், டிசால்வ் இல்லாமல். டிசால்வ் எட்டாவது நொடியில் வெறுமையின் மேல் நடந்துகொண்டிருக்கும். கார்டு சொல்லாமல் கொள்ளாமல் மறைகிறது என்றால் வெளியே டிசால்வை நோண்டாதீர்கள். உள்ளே திறந்து கிளிப்புகள் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். நெஸ்டுக்குள் ரிப்பிள் வெட்டு செய்வதைத் தவிர்த்தாலே இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

ஒலி

`card_base`-க்குள் மணியோசையை வைத்தோம், அதுவும் கார்டோடு சேர்ந்தே மாற வேண்டியது என்பதால். ஆனால் தொகுப்பாளரின் குரலை நெஸ்டுக்குள் போகவிடாதீர்கள். உள்ளே போகும் ஒலிகள் எத்தனையாக இருந்தாலும் வெளியே ஒரே ஒலிக் கிளிப்பாகக் கலந்துதான் வரும். பிறகு குரலை மட்டும் உயர்த்தி இசையைத் தாழ்த்துவது வெளியிலிருந்து முடியாது. ஒலிக்கலவை செய்பவர் வேறொருவராக இருந்தால் அவர் கையைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும்.

வீடியோவும் ஒலியும் இணைந்திருக்கும் கிளிப்பில் வீடியோவை மட்டும் நெஸ்ட் செய்ய, `Alt` அழுத்திக்கொண்டு வீடியோப் பகுதியை மட்டும் கிளிக் செய்து தேர்ந்தெடுங்கள். ஒலி அதே இடத்தில் வெளியிலேயே தங்கும்.

மணியோசை ஓரிடத்தில் அதிகமாகக் கேட்டால் உள்ளே திறந்து குறைக்க வேண்டாம், எல்லா இடத்திலும் குறைந்துவிடும். வெளியே அந்த ஒரு நெஸ்டின் ஒலியை மட்டும் தாழ்த்துங்கள். எல்லா இடத்திலுமே அதிகம் என்றால் உள்ளே குறையுங்கள். எதை எங்கே மாற்றுவது என்ற முதல் கேள்விதான் இங்கும்.

அளவும் வேகமும்

நெஸ்டின் ஃபிரேம் அளவுக்கு வெளியே உள்ளது வெட்டுப்பட்டுவிடும். உள்ளே 4கே காட்சியை 1080-க்குச் சுருக்கி வைத்து நெஸ்ட் செய்தபின், வெளியே அந்த நெஸ்டை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் காட்சி மழுங்கும். 4கே-யின் கூர்மை திரும்பி வராது. பெரிதாக்கும் எண்ணமிருந்தால் உள்ளே போய், மூலக் கிளிப்பிலேயே பெரிதாக்குங்கள்.

ரீல்ஸுக்காக அதே கார்டுகளை 1080×1920 செங்குத்துச் சட்டத்தில் போட வேண்டி வந்தாலும் இதே பிரச்சினை. அகலக் கார்டை அப்படியே இழுத்துப் போட்டால் வலப்பக்கக் கார்டு திரைக்கு வெளியே போயிருக்கும். `card_01`-ஐயும் `card_base`-ஐயும் பிரதியெடுத்து, இரண்டின் `Sequence Settings`-இலும் ஃபிரேம் அளவை மாற்றி, கார்டைத் திரையின் கீழ்ப்பாதிக்கு நகர்த்தி, மேலே சொன்ன `Replace With Clip` முறையில் புது அடித்தளத்தைப் பொருத்துங்கள்.

நெஸ்ட் செய்தால் கணினி வேகமாக ஓடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டைம்லைனில் ஒரு கிளிப்பாகத் தெரிந்தாலும் உள்ளிருக்கும் அத்தனை அடுக்கையும் கணினி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சேர்த்தே ஆக வேண்டும். கார்டு வரும் இடத்தில் ஓட்டம் தடுமாறினால் அந்தப் பகுதிக்கு மட்டும் இன், அவுட் குறித்து `Render In to Out` கொடுங்கள். உள்ளே எதையாவது மாற்றினால் அந்த ரெண்டர் செல்லாமல் போகும், மேலே கோடு மறுபடி சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறும். ஆகவே திருத்தங்கள் முடிந்த பிறகு ரெண்டர் செய்வதே நேர மிச்சம்.

வண்ணத்துக்கு அனுப்பும் முன்

டைம்லைனை எக்ஸ்எம்எல் கோப்பாக்கி வண்ணம் பார்ப்பவருக்கு ரிசால்வுக்கு அனுப்புவது வழக்கம். நெஸ்டுகளும் பிரீமியரின் எழுத்துக் கிளிப்புகளும் அந்த வழியில் ஒழுங்காகப் போய்ச் சேரும் என்று நம்பக்கூடாது. கார்டுகளுக்கு வண்ணத் திருத்தம் தேவையும் இல்லை. முதன்மை சீக்வென்ஸைப் பிரதியெடுத்து, `V4`-ஐயும் சப்டைட்டிலையும் நீக்கி, கேமராவும் பி-ரோலும் மட்டும் அனுப்புங்கள். திருத்தி வந்த காட்சியைக் கீழே வைத்து மேலே கார்டுகளை உங்கள் டைம்லைனிலேயே சேர்த்துவிடலாம்.

கேமராக் காட்சிகளும் நெஸ்டுக்குள் மாட்டியிருந்தால் அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். டைம்லைனின் அந்த மூலைப் பொத்தானை அணைத்துவிட்டு, நெஸ்ட் சீக்வென்ஸை Project பேனலிலிருந்து நெஸ்ட் இருந்த அதே இடத்தில் இழுத்து விடுங்கள். உள்ளிருக்கும் கிளிப்புகள் தனித்தனியாக வரும். கவனம், முழு சீக்வென்ஸும் வரும். வெளியே முன்முனையை வெட்டியிருந்தால் அதற்கேற்ப நகர்த்திப் பொருத்த வேண்டும். நெஸ்டின் மேல் போட்ட விளைவுகள், டிசால்வ் எல்லாம் போய்விடும், குறித்து வைத்துக்கொண்டு மறுபடி போடுங்கள்.

ரிசால்விலும் ஃபைனல் கட்டிலும்

ரிசால்வில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக், `New Compound Clip...`. உள்ளே போக வலது கிளிக் செய்து `Open in Timeline`. திரும்ப வர டைம்லைனின் கீழே தெரியும் பாதையில் முதன்மை டைம்லைனின் பெயரை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். பிரிப்பதற்கு `Decompose in Place` இருக்கிறது, பிரீமியரின் சுற்றுவழி தேவையில்லை. ஆனால் காம்பவுண்டு கிளிப்பின் மேல் கலர் பக்கத்தில் செய்த திருத்தம் பிரித்தால் கூட வராது. அளவு விஷயத்தில் மேலே சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும். காம்பவுண்டு கிளிப் டைம்லைனின் அளவில்தான் சேர்க்கப்படும், பிறகு பெரிதாக்கினால் மழுங்கும்.

ஃபைனல் கட் புரோவில் `Option-G` போட்டால் காம்பவுண்டு கிளிப். இரட்டைக் கிளிக் செய்தால் திறக்கும், `Command-Shift-G` பிரிக்கும். இங்கும் நகலெடுத்து ஒட்டிய கார்டுகள் எல்லாம் ஒரே மூலத்தையே காட்டும். ஒன்றை மட்டும் தனியாக்க வேண்டுமென்றால் அதைத் தேர்ந்தெடுத்து Clip மெனுவில் `Reference New Parent Clip` கொடுங்கள். பிரீமியரில் Project பேனல் வழியாகப் பிரதியெடுத்து நாம் செய்த வேலையை இது டைம்லைனிலேயே முடித்துவிடும். `card_02`-க்கு எழுத்தை மாற்றும் முன் இதைச் செய்ய வேண்டும், மாற்றிய பிறகு அல்ல.